ஐம்பது எங்கிருந்து வந்தது?

திண்டிவனம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். 25 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடச் சராசரி 54.2, திட்ட விலக்கம் 10. மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாள் என்றும், விழுப்புரத்தில் தொகுத்த மாவட்டச் சராசரி 50 என்றும் வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள்தாம் இவை. ஆனால் எம்.எட். ஆய்வேடுகளிலும் ஆசிரியர்களின் செயலாய்வு அறிக்கைகளிலும் இதே அமைப்பு வந்துகொண்டே இருக்கிறது. மதிப்பெண் பதிவேடு கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போய்ச் சேரும்போது அது ஒரே வரியாகச் சுருங்கியிருக்கும்:

```
t(24) = 2.10, p = .046
```

இந்த வரி பிறந்தது டப்ளினில். அங்கே கின்னஸ் மதுபான ஆலையில் 1899-இல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காஸெட்டுக்குச் சின்னச் சின்ன மாதிரிகளோடுதான் வேலை. பார்லியானாலும் ஹாப்ஸானாலும் நாலைந்து சோதனைகளுக்கு மேல் செய்ய வாய்ப்பில்லை. அந்தக் காலத்து முறைகளோ நூற்றுக்கணக்கான அளவீடுகள் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. காஸெட் விடையைக் கணிதத்தில் தேடியதோடு நிற்கவில்லை. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 சிறு மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றின் சராசரியும் உண்மைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரை வந்தது.

அதில் இருந்தது இன்று நாம் எழுதும் டி அல்ல. இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஆர்.ஏ. ஃபிஷர், 1925-இல் வந்த அவரது நூல் அதை ஆய்வாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அடைப்புக்குள் இருக்கும் 24 அவருடைய பங்களிப்பு. 25 மதிப்பெண்களிலிருந்து ஒரு சராசரியைக் கணக்கிட்டுவிட்டால், சராசரியிலிருந்து விலகும் தொகைகளில் 24 மட்டுமே சுதந்திரமாக மாறக்கூடியவை. 25-வது தானாகவே முடிவாகிவிடும். நம் கல்வியியல் கல்லூரிகளுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் ஹென்றி காரெட் எழுதிய புள்ளியியல் பாடநூல் வழியாக வந்தது. பம்பாயில் மலிவுப் பதிப்பாக அச்சான அந்தப் புத்தகத்தைத் தாண்டாமல் எம்.எட். முடித்தவர்கள் ஒரு காலத்தில் குறைவு.

கணக்கு நான்கு படிகளில் முடிந்துவிடும். திட்ட விலக்கம் 10-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 2. வகுப்புச் சராசரிக்கும் 50-க்கும் உள்ள வேறுபாடு 4.2. அதை 2-ஆல் வகுத்தால் 2.10. அட்டவணையில் 24-க்கு நேரே, 5 சதவீத மட்டத்தில், இருபக்கச் சோதனைக்கான எல்லை 2.064. அதை மயிரிழையில் தாண்டியிருக்கிறோம். எக்செல்லில் இப்படி:

```
=(AVERAGE(B2:B26)-50)/(STDEV.S(B2:B26)/SQRT(25))
=T.DIST.2T(2.10,24)
```

இங்கே கை தவறும் இடம் `STDEV.S`. அதற்குப் பதிலாக `STDEV.P` போட்டால் திட்ட விலக்கம் 9.80 ஆகக் குறைந்து, டி 2.14 ஆக ஏறிவிடும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் எல்லையை ஒட்டி நிற்கும் முடிவில் சிறிதும் பெரிதுதான். அறிக்கையில் சராசரி, திட்ட விலக்கம், மாணவர் எண்ணிக்கை மூன்றும் இருந்தால் படிப்பவர் தாமே வகுத்துப் பார்த்து டி-யைச் சரிபார்க்கலாம். அதனால்தான் டி-யை மட்டும் கொடுத்துவிட்டு நகர்வது போதாது.

ஆனால் இந்த வரியில் எழுதப்படாமலே இருக்கும் எண் ஒன்று உண்டு: 50. முழுச் சோதனையும் அதன் மேல்தான் நிற்கிறது. என் பார்வையில் ஆய்வேடுகளை மதிப்பிடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது பி-யைப் பற்றி அல்ல, இந்த 50-இன் பிறப்பைப் பற்றித்தான். ஒரு-மாதிரி டி-சோதனை அதைப் பிழையே இல்லாத, நிலையான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. பல்லாயிரம் விடைத்தாள்களின் மாவட்டச் சராசரி என்றால் அப்படி எடுத்துக்கொள்வதில் தவறில்லை. தேர்ச்சி மதிப்பெண் 35 என்பது போல விதியால் வந்த எண்ணும் சரிதான்.

சிக்கல் வருவது, அந்த 50 அதே பள்ளியின் போன ஆண்டுப் பிரிவு எடுத்த சராசரியாக இருக்கும்போது. அதுவும் 25 பிள்ளைகளின் சராசரிதான். அதற்கும் ஒரு திட்டப் பிழை உண்டு. அவர்களின் திட்ட விலக்கமும் 10 என்றால், இரண்டு பிழைகளும் சேர்ந்து 2-க்குப் பதில் 2.83 ஆகிவிடும். 4.2-ஐ அதனால் வகுத்தால் 1.48. பி 0.14-க்குப் போய்விடுகிறது. மதிப்பெண்கள் மாறவில்லை, வேறுபாடும் மாறவில்லை. 50-இன் முகவரி மாறியதும் முடிவே மாறிவிட்டது. இரு-மாதிரிச் சோதனை செய்ய வேண்டிய இடத்தில் ஒரு-மாதிரிச் சோதனையைச் செய்து 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது' என்று எழுதினால், கணினி எச்சரிக்காது. விடை எந்தச் சலனமும் இல்லாமல் வந்துவிடும்.

மாவட்டச் சராசரி என்பது உறுதியானால், விழுப்புரத்துக்குப் போகும் பத்தியை நான் இப்படி எழுதுவேன்:

'அரசுக் காலாண்டுத் தேர்வில் இப்பிரிவு மாணவர் 25 பேரின் கணக்குச் சராசரி 54.2 (திட்ட விலக்கம் 10.0). அதே வினாத்தாளுக்கான மாவட்டச் சராசரி 50-ஐ விட இது 4.2 அதிகம், வகுப்புச் சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 50.07 முதல் 58.33 வரை. ஒரு-மாதிரி டி-சோதனையில் (இருபக்கம்) t(24) = 2.10, p = .046, d = 0.42.'

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த இடைவெளிதான். அதன் கீழ்முனை 50.07. மாவட்டத்தைவிட நான்கு மதிப்பெண் மேல் என்று பெருமைப்படும் அதே வரியிலேயே, உண்மையான வேறுபாடு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், எட்டு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம் என்று அது சொல்லிவிடுகிறது. பி-யை மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

அந்தப் பத்திக்குக் கீழே இன்னும் இரண்டு வாக்கியங்கள் வேண்டும். இந்தப் பிரிவு மாவட்டத்திலிருந்து குலுக்கி எடுத்த மாதிரி அல்ல. ஒரே ஆசிரியர், ஒரே அறை. ஆகவே உயர்ந்த சராசரிக்குப் புதிய கற்பித்தல் முறைதான் காரணம் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. அடுத்தது, 25 விடைத்தாள்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கணக்கு நம்புகிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய தாள்கள் இருந்தால் உண்மையில் 25 தனித்தனிச் சான்றுகள் இல்லை. திட்டப் பிழை 2-ஐ விடப் பெரியது. எல்லையை மயிரிழையில் தாண்டிய 2.10-க்கு அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கும் இடமில்லை. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரே தவறான படி அடுத்தடுத்த தாள்களில் வருகிறதா என்று திண்டிவனத்திலேயே, திருத்தும்போதே, பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.