மரியாதையாகச் சொல்லும் ‘போ’

தமிழ்க் காதுக்கு ‘போ’ ஒரு விரட்டல். அதையே மணிலாவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரு குழந்தை பாட்டியிடம் வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லும். பாட்டியும் மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்வாள். தகலாக் மொழியில் ‘போ’ என்பது கேட்பவருக்குக் காட்டும் மரியாதை. ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓஓ’. அதோடு ‘போ’ ஒட்டினால் ‘ஓப்போ’. பெரியவர்களிடம் வெறும் ‘ஓஓ’ சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழும்.

சில வருஷங்களாகத் தகலாக் சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவரப் பார்க்கிறேன். பெரிய சொற்கள் எல்லாம் எப்படியாவது வந்துவிடுகின்றன. வராமல் நிற்பது இந்த ஓரெழுத்துதான். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான், நம்ம ஊர் மரியாதைச் சொற்களும் எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்தன.

‘போ’ என்பது ‘போஓன்’ என்ற பழைய சொல்லின் தேய்ந்த வடிவம் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். போஓன் என்றால் ஆண்டவன், எஜமான். அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. மணிலாவின் கியாப்போ தேவாலயத்தில் இருக்கும் கறுத்த இயேசு சிலையை மக்கள் ‘போஓங் நசரேனோ’ என்கிறார்கள். வீட்டில் வைத்துக் கும்பிடும் சிலைக்கும் ‘போஓன்’தான் பெயர். தமிழில் இதற்குச் சரியான இணை ‘சாமி’. கோயிலில் இருப்பதும் சாமி, ஒரு காலத்தில் பண்ணையில் கைகட்டி நின்றவன் விளித்ததும் சாமி.

பண்ணை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1589இல் ஹுவான் டெ பிளசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி தகலாக் மக்களின் வழக்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதில் தலைமக்கள் இருக்கிறார்கள். அடிமைப்பட்டவர்களான ‘அலிப்பின்’ இருக்கிறார்கள். அலிப்பின்களிலும் சொந்த வீட்டில் குடியிருந்து எஜமானுக்கு உழைத்தவர்கள் ஒரு வகை, எஜமான் வீட்டிலேயே கிடந்தவர்கள் இன்னொரு வகை. அப்படிப்பட்ட சமூகத்தில்தான் ‘எஜமானே’ என்ற விளிக்கு வேலை இருந்திருக்கும். இன்று அலிப்பின் இல்லை. விளி மட்டும் தேய்ந்து, வயதுக்குத் தரும் மரியாதையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நம்முடைய ‘சாமி’ அப்படித் தேயவில்லை. மனிதரைப் பார்த்து அதைச் சொல்லும் குரலில் இன்னும் பண்ணை கேட்கிறது.

சரி, ‘சாமி’ உதவாது. வேறு எது?

முதலில் ‘போ’ என்ன வேலை செய்கிறது என்று பார்க்கணும். மழை பெய்கிறது. தம்பியிடம் சொன்னால் ‘உமுஉலான்’. தாத்தாவிடம் சொன்னால் ‘உமுஉலான் போ’. வாக்கியத்தில் தாத்தா எங்கேயும் இல்லை. பெய்வது மழை. ஆனாலும் கேட்பவர் யார் என்பது வாக்கியத்தில் பதிவாகிறது. எழுத்துத் தமிழில் இதற்கு இடமே கிடையாது. ‘மழை பெய்கிறது’ என்பது ராஜாவுக்கும் அதேதான், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதேதான். நம் எழுத்து மொழி மரியாதையை ‘நீங்கள் வந்தீர்கள்’, ‘அவர் வந்தார்’ என்று, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்மேல்தான் வைக்கும். பேச்சை வெறுமனே கேட்டுக்கொண்டு இருப்பவரைக் கண்டுகொள்ளாது.

பேச்சுத் தமிழ் கண்டுகொள்ளும். ‘மழை பெய்யுதுங்க.’ இந்த ‘ங்க’வை ஆமா, இல்லை, சரி, என்ன என்று எதோடும் ஒட்டலாம். கொங்குப் பக்கம் போனால் இது இல்லாமல் பேச்சே ஓடாது. ‘சாப்பிட்டீர்களா’ என்பதற்குத் தகலாக்கில் ‘குமாயின் நா போ பா கயோ?’ குமாயின் என்றால் சாப்பிட்டது, நா என்றால் முடிந்துவிட்டது, போ நமக்குத் தெரியும், பா கேள்வி, கயோ என்றால் நீங்கள். இப்போது கோயம்புத்தூர்க்காரர் கேட்பதைப் பாருங்கள்: ‘சாப்ட்டாச்சுங்களா?’ சாப்ட்டு, ஆச்சு, ங்க(ள்), ஆ. கடைசியில் வரும் ‘கயோ’வைத் தவிர துண்டுக்குத் துண்டு அதே வரிசை. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு வேலையே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டும் வந்த வழிதான் நேரெதிர். ‘ங்க’வுக்குள் இருப்பது ‘கள்’. தொல்காப்பியத்தில் ‘கள்’ அஃறிணைப் பன்மைக்கு உரியது; மரத்துக்கும் மாட்டுக்கும் சேர்வது. பிறகு மனிதர்களுக்கு வந்து, ஒருவரைப் பலராகச் சொல்லும் மரியாதையாகி, கடைசியில் எதோடும் ஒட்டும் ‘ங்க’ ஆனது. அவர்கள் மரியாதை ஆண்டவனிலிருந்து இறங்கி வந்தது. நம்முடையது மாட்டுத் தொழுவத்திலிருந்து ஏறி வந்தது.

ஆனால் கதைக்குள் போனதும் சிக்கல். மகள் அம்மாவிடம் ‘ஓப்போ’ என்கிறாள். ‘சரிங்கம்மா’ என்று எழுதினால், தமிழ் வாசகர்களில் பலருக்கு அது மகள் இல்லை, வீட்டு வேலைக்கு வந்த பெண். நம்மில் நிறைய வீடுகளில் அம்மா ‘நீ’தான், ‘வா’தான். தகலாக் பிள்ளையின் மரியாதை அன்றாடம் பல் துலக்குவது மாதிரி. அதில் பணிவும் இல்லை, பயமும் இல்லை. அதைத் தமிழில் ‘ங்க’ போட்டு எழுதினால் பக்கத்தில் ஒரு எஜமானி முளைத்துவிடுகிறாள்.

விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு சண்டை என்று வைத்துக்கொள்வோம். நான்கு கேள்விகளுக்கும் அவள் ‘போ’ சேர்த்தே பதில் சொல்கிறாள். ஐந்தாவதாக, ‘அவனோடதான் போனியா?’ என்று கேட்கிறார். பதில்: ‘ஓஓ.’ அந்த ஒரு எழுத்து விழுந்துபோனதுதான் கதையின் உச்சம். முன்னால் நான்கு முறை அது இல்லாவிட்டால் ஐந்தாவது முறை விழுவதற்கு எதுவும் இருக்காது.

இங்கே நான் பிடித்துக்கொண்டது உறவுச்சொல்லை. ‘இல்லப்பா.’ ‘தெரியலப்பா.’ ‘கடைக்குத்தான் போனேம்ப்பா.’ ‘ஆமாப்பா, நேத்துதான்.’ கடைசியில் வெறும் ‘ஆமா.’ கேட்பவரை வாக்கியத்துக்குள் பதிக்கும் வேலையை நம் வீடுகளில் இந்த ‘ப்பா’வும் ‘ம்மா’வும் ‘பாட்டி’யும்தான் பார்க்கின்றன. அது விழும்போது நமக்கும் கன்னத்தில் படுகிறது. குறையும் உண்டு: ‘ப்பா’வை நண்பனிடமும் சொல்வோம், ‘போ’வை நண்பனிடம் சொல்ல மாட்டார்கள். மரியாதை கொஞ்சம் குறைந்து அன்பு கொஞ்சம் கூடிவிடுகிறது.

தெருவுக்கு வந்தால் ‘ங்க’ போதும். அங்கே வாசலில் நின்று ‘தாஓ போ!’ என்று குரல் கொடுப்பார்கள். நேராகச் சொன்னால் ‘மனுஷந்தாங்க’. வந்திருப்பது ஆவி இல்லை என்று தெரிவிப்பதாக அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். நான் ‘வீட்ல யாருங்க?’ என்று எழுதுகிறேன். ஆவி போய்விட்டது, மரியாதை தங்கிவிட்டது. அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ வேண்டியிருக்கிறது. ‘போ’வுக்கு ஆண், பெண் இல்லை என்பதால், எதிரில் இருப்பது யார் என்று மூலம் சொல்லாத இடத்தில் நான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

‘ஓப்போ’வும் இப்படித்தான் உடைகிறது. கேள்விக்குப் பதில் என்றால் ‘ஆமாங்க’. ஏவலுக்குப் பதில் என்றால் ‘சரிங்க’. அவர்களுக்கு ஒரே சொல். நாம் ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவர் யார், எந்த வீட்டுக்காரர், நமக்கு என்ன உறவு என்று விசாரித்த பிறகுதான் வாயைத் திறக்கிறோம். முன்பின் தெரியாத ஒரு கிழவரிடமும் பெற்ற தாயிடமும் ஒரே எழுத்தில் மரியாதை சொல்லிவிட்டுப் போகிற வசதி தமிழில் இன்னும் வரவில்லை.