மங்கலால் கூராகும் படம்: ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயரின் வரலாறு

சற்றே மங்கலாக வந்த ஒரு படத்தைத் துலக்க நினைப்பவர் ஃபோட்டோஷாப்பின் Filter மெனுவில் Sharpen பகுதியைத் திறக்கிறார். அங்கே Sharpen, Sharpen More போன்ற பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. தொழில் தெரிந்தவர்கள் அவற்றைத் தாண்டி Unsharp Mask என்ற பெயருக்குப் போகிறார்கள். படத்தைக் கூராக்கும் கருவிக்குக் ‘கூரில்லாத மறைப்பு’ என்ற பொருளில் பெயர் வாய்த்தது எப்படி என்று முதன்முறை பார்ப்பவர் திகைக்கிறார். அந்தப் பெயரில் பிழை ஏதும் இல்லை. ஒரு காலத்தில் இருட்டறையில் கையில் எடுத்து வைத்த ஒரு ஃபிலிம் துண்டின் பெயர் அது. அந்தத் துண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால், படம் கூராவதும், அளவு மிஞ்சும்போது விளிம்புகளில் வெண்கோடு தோன்றுவதும் ஒரே செயலின் இரு நிலைகள் என்பது விளங்கிவிடும்.

முதலில் ‘மாஸ்க்’ என்ற பாதியை எடுத்துக்கொள்வோம். இதை முகமூடி என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இருட்டறையிலும் அச்சுத் தட்டு செய்யும் கூடத்திலும் மாஸ்க் என்றால் ஒளியைத் தடுத்து நிறுத்தும் மறைப்பு. முழுதும் தடுக்க வேண்டிய இடத்தில் கருப்புத் தாள் போதும். ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் தடுக்க வேண்டுமென்றால், அந்தப் படத்தையே மெல்லிய சாம்பல் சாயல்களாகப் பதித்த ஒரு ஃபிலிமை நெகட்டிவோடு சேர்த்து வைப்பார்கள். அதுவும் மாஸ்க்தான்.

‘அன்ஷார்ப்’ என்ற மறுபாதி அந்த ஃபிலிமின் தன்மையைச் சொல்கிறது. ஜெர்மன் மொழியில் மங்கலான படத்தைக் குறிக்க ‘உன்ஷார்ஃப்’ என்பது அன்றாடச் சொல். 1930களில் ஷ்பீக்லர், யூரிஷ் என்ற இருவர் எக்ஸ்ரே படங்களுக்கு இந்த முறையைக் கையாண்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மிக வெளுப்பாகவும் சுற்றியுள்ள பகுதி மிகக் கருப்பாகவும் விழும். இரண்டின் நுணுக்கங்களையும் ஒரே நகலில் காட்டுவதுதான் அவர்கள் முன் இருந்த சிக்கல். 1944இல் ஜே. ஏ. சி. யூல், லண்டனிலிருந்து வந்த ‘ஃபோட்டோகிராஃபிக் ஜர்னல்’ இதழில் அன்ஷார்ப் மாஸ்க் பற்றியும் அதனால் நகலின் தெளிவு கூடுவது பற்றியும் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். எக்ஸ்ரேயின் மிகையான வெளிச்ச வேறுபாட்டை அடக்கப் பயன்பட்ட மறைப்பு, படத்தைக் கூராக்கும் வழியாகவும் இந்தக் கட்டுரையில் பேசப்பட்டது.

அதைச் செய்யும் முறை இது. நெகட்டிவின் மேல் புதிய ஃபிலிமை நேரடியாக ஒட்டி வைத்து ஒளி காட்டினால் கூரான நகல் கிடைக்கும். இங்கே வேண்டுமென்றே இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டையோ ஒளியைச் சிதறடிக்கும் தாளையோ செருகுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒளி பரவுவதால் நகல் மங்கலாகிறது. குறைந்த நேரம் ஒளி காட்டி, மென்மையாக டெவலப் செய்வதால் அது வெளிறியும் இருக்கிறது. நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும் இடம் இந்த நகலில் சாம்பலாகவும், கருப்பாக இருக்கும் இடம் தெளிவாகவும் விழும். அதாவது இது மெலிந்த, மங்கிய பாசிட்டிவ். உலர்ந்த பிறகு இதை நெகட்டிவோடு துல்லியமாகப் பொருத்தி, இரண்டின் வழியாகவும் ஒளியைச் செலுத்தி அச்சிடுகிறார்கள்.

வெளிச்சமான வானத்தின் முன் நிற்கும் இருண்ட மலைமுகடு ஒன்று படத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெகட்டிவில் வானம் கருப்பு, மலை வெளுப்பு. மறைப்பு, மலையின் மேல் மட்டும் சற்றே சாம்பலைச் சேர்க்கிறது. இதனால் வானத்துக்கும் மலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு குறைகிறது. ஆனால் மலையில் உள்ள பாறைப் பிளவு, மரக்கிளை போன்ற நுண்ணிய விவரங்கள் மங்கலான மறைப்பில் பதிவதே இல்லை. பதியாததை அது குறைக்கவும் முடியாது. பிறகு கூடுதல் வேறுபாடு தரும் கடினமான தாளில் அச்சிடும்போது வானமும் மலையும் தங்கள் பழைய வேறுபாட்டுக்குத் திரும்புகின்றன. குறையாமல் இருந்த நுண்விவரங்களோ முன்பைவிட ஒருபடி மேலே எழுகின்றன. கூர்மை வந்த வழி இதுதான். மறைப்பு மங்கலாக இல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் ஒன்றுபோல் குறைத்திருக்கும், பயன் ஏதும் இருந்திருக்காது.

1970களில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வான்நோக்ககத்தில் பணியாற்றிய டேவிட் மாலின் இந்த முறையை வானியல் கண்ணாடித் தட்டுகளுக்குக் கொண்டுபோனார். தட்டின் மருந்து பூசாத பக்கத்தில் புதிய ஃபிலிமை வைத்ததால், தட்டின் கண்ணாடிக் கனமே தேவையான இடைவெளியைத் தந்தது. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி சாதாரண நகலில் வெறும் வெண்மையாகக் கரைந்துபோகும். மாலினின் நகல்களில் அந்த வெண்மைக்குள் இருந்த விண்மீன்களும் வாயு மடிப்புகளும் தெரிந்தன. அச்சகங்களின் உருளை ஸ்கேனர்களில் ஃபிலிம் துண்டு மறைந்து மின்சுற்று வந்தது. ஒரு சிறு துளை படத்தைப் புள்ளி புள்ளியாகப் படிக்கும். அதைவிடப் பெரிய இன்னொரு துளை அதே இடத்தைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்து மங்கலாகப் படிக்கும். இரண்டின் வேறுபாட்டைச் சுற்று கணக்கிட்டுக் கூட்டும். பொருள் மாறியும் பெயர் மாறவில்லை.

கணினி செய்வதும் அதே மூன்று படிகள்: படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடு, மூலத்திலிருந்து அதைக் கழி, கிடைத்த வேறுபாட்டை மூலத்தோடு கூட்டு. நமது மலைமுகட்டைக் குறுக்கே வெட்டும் ஆறு பிக்சல்களில் இதைப் போட்டுப் பார்க்கலாம். மலை 100, வானம் 200. ஒவ்வொரு பிக்சலையும் அதன் இரு பக்கத்து அண்டைகளோடு சராசரி எடுத்து மங்கலாக்குவோம்.

```
மூலம்        100  100  100  200  200  200
மங்கல்       100  100  133  167  200  200
வேறுபாடு       0    0  -33  +33    0    0
கூட்டியபின்   100  100   67  233  200  200
```

எல்லையில் இருந்த வேறுபாடு 100. இப்போது 67க்கும் 233க்கும் இடையே 166. எல்லையைத் தாண்டிய மலையும் வானமும் மாறவே இல்லை. கண் இதைக் கூர்மை என்று படிக்கிறது. ஆனால் வரிசையை மீண்டும் பாருங்கள். 67 என்ற இருட்டு மலையில் எங்குமே இல்லாதது. 233 என்ற வெளிச்சம் வானத்தில் எங்குமே இல்லாதது. எல்லையின் ஒரு பக்கம் இருண்ட கோடும் மறுபக்கம் ஒளிக்கோடும் புதிதாக வந்துவிட்டன. வேறுபாட்டை மூன்று மடங்காக்கிக் கூட்டினால் மலைப்பக்கம் 0 ஆகிறது. வானப்பக்கம் 300 ஆக வேண்டும், 255க்கு மேல் இடமில்லாததால் அங்கேயே நின்று தூய வெள்ளையாகிறது. மலையைச் சுற்றி மையால் ஒரு கோடும் சுண்ணாம்பால் ஒரு கோடும் இழுத்தது போல் இருக்கும்.

இந்தக் கோட்டுக்குப் படக்கலைஞர்கள் தரும் பெயர் ‘ஹேலோ’. கிரேக்கத்தில் அது நெல் அடிக்கும் களம் போன்ற வட்டக் களத்தைக் குறித்த சொல். அதிலிருந்து ஞாயிறு, திங்களின் வட்டத்துக்கும், பிறகு அவற்றைச் சூழும் ஒளிவளையத்துக்கும் போனது. நம்மிடம் அந்த வளையத்துக்கு ஊர்கோள், பரிவேடம் என்ற பெயர்கள் உண்டு. ‘நிலா கோட்டை கட்டியிருக்கிறது’ என்று பேச்சிலும் சொல்கிறோம். ஃபிலிம் காலத்திலேயே இதன் உறவுச்சொல் ஒன்று படக்கலைக்குள் வந்துவிட்டது. பளிச்சென்ற விளக்கின் ஒளி ஃபிலிமின் பின்புறத்தில் பட்டுத் திரும்பி விளக்கைச் சுற்றிப் படிவதை ‘ஹேலேஷன்’ என்றார்கள். அதைத் தடுக்க ஃபிலிமின் பின்னால் தனியாக ஒரு பூச்சே இருந்தது. ஹேலேஷன் வெளியிலிருந்து வரும் கறை. கூராக்கும்போது வரும் ஹேலோ அப்படிப்பட்டதல்ல. இதை ஒளிவட்டம் என்று பெயர்ப்பதும் முழுதாகப் பொருந்தாது. இது விளிம்பின் வடிவத்தைப் பின்பற்றுமே தவிர வட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஒளிக்கோட்டின் கூடவே இருட்டுக்கோடும் எப்போதும் உண்டு.

அப்படியானால் எல்லாக் கூராக்கமும் ஹேலோதான். கண்ணுக்குத் தனிக் கோடாகத் தெரியாத அளவில் அது கூர்மை, தெரிந்துவிட்டால் குறை. கண்ணும் இதற்கு இசைவாகவே அமைந்திருக்கிறது. இரு வெளிச்சப் பரப்புகள் சந்திக்கும் இடத்தில் கண் தானாகவே ஒரு ஒளிப்பட்டையையும் இருட்டுப்பட்டையையும் கூட்டிக் காண்கிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விளக்கினார். கருவி அந்தப் பட்டைகளைச் சற்று அழுத்திக் கொடுக்கிறது.

தெரிவதும் தெரியாததும் கோட்டின் அகலத்தைப் பொறுத்தது. நல்ல கண்ணால் 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் வரை பிரித்தறிய முடியும். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் ஒரு பிக்சல் ஏறத்தாழ அதே அளவு. ஆகவே ஒரு பிக்சல் அகலக் கோடு கண்ணுக்குள் கரைந்து கூர்மையாகிறது. நான்கு பிக்சல் அகலக் கோடு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டித் தனியாகத் தெரிகிறது. கருவியில் இந்த அகலத்தை ஆள்வது Radius. கோடு எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கருக்க வேண்டும் என்பதை Amount ஆள்கிறது. Threshold, அண்டைப் பிக்சல்களின் வேறுபாடு எவ்வளவு இருந்தால் கருவி தொட வேண்டும் என்று சொல்கிறது. அது 0 ஆக இருந்தால் வானத்தின் மணல் போன்ற இரைச்சலும் சேர்ந்து கூராகும்.

மிகை நேர்ந்ததா என்று பார்க்க, படத்தை 100 சதவீதப் பெரிதாக்கத்தில் வைத்து, வானத்தை ஒட்டிய இருண்ட விளிம்புகளுக்குப் போக வேண்டும். மின்கம்பி, கூரை முனை, கிளை ஆகிய இடங்களில்தான் கோடு முதலில் வெளிப்படும். Preview குறியை எடுத்தும் வைத்தும் பார்த்தால், வானத்தின் இயல்பான நிறத்தைவிட வெளுத்த நூல் ஒன்று விளிம்போடு ஓடுவது தெரியும். அந்த நூலின் இருபுறமும் நிறச்சாயம் கண்டால், மூன்று நிறங்களும் தனித்தனியாகக் கூராகியிருக்கின்றன என்று பொருள். படத்தின் நகலை மேலடுக்காக வைத்துக் கூராக்கி, அதன் கலப்பு முறையை Luminosity ஆக்கினால் சாயம் போய்விடும்.

பெரும்பாலான மிகை இரட்டிப்பால் வருகிறது. கேமரா ஜேபெக் படத்தைத் தரும்போதே ஒருமுறை கூராக்கிவிடுகிறது. அதன்மேல் நாம் ஒருமுறை கூராக்குகிறோம். பிறகு படத்தைப் பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து அகலமாகிறது. எனவே அளவு மாற்றம் எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கூராக்குவதே முறை. Radius பெரிதாகவும் Amount மிகக் குறைவாகவும் வைத்தால், உதாரணமாக 50 பிக்சலும் 20 சதவீதமும், கோடு பரந்து கரைந்து படத்துக்கு உடற்கட்டு மட்டும் கூடும். அது மாலினின் வேலைக்கு நெருக்கமான பயன்பாடு.

கருவியின் எல்லையும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அது மூலத்தையும் மூலத்தின் மங்கலையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. லென்ஸ் சற்று மென்மையாகப் பதித்த இமையை அது எடுத்துக் காட்டும். குவியம் தவறியதால் இரண்டு இமை முடிகள் ஒன்றாகிவிட்டிருந்தால், அந்த ஒரே கறைக்கு இருபுறமும் கோடு இழுக்குமே தவிர, இரண்டாகப் பிரிக்காது. Amount ஐ ஏற்ற ஏற்ற விவரம் கூடாமல் வெண்கோடு மட்டும் தடிக்கிறது என்றால், படத்தில் மீட்க இனி எதுவும் இல்லை. அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.