‘கிரேடட்’ என்ற பெயருக்குள் ஒரு படி

ஒளியிழைகளை இரண்டாகப் பிரிக்கும்போது ஒன்றை ஸ்டெப் இண்டெக்ஸ் என்கிறோம், மற்றதை கிரேடட் இண்டெக்ஸ் என்கிறோம். ஸ்டெப் என்றால் படி. கிரேடட் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘கிராடுஸ்’. அதற்கும் பொருள் காலடி, படி. ஆக, வேரளவில் இரண்டு பெயர்களும் ஒன்றையே சொல்கின்றன. ஆனால் கிரேடட் இழையில் படியே கிடையாது.

‘இண்டெக்ஸ்’ என்பது ஒளிவிலகல் எண். அந்தப் பெயரைத் தாமஸ் யங் 1807இல் வெளியான தம் சொற்பொழிவு நூலில் எழுதினார். விலகலைக் குறிக்கும் ‘ரிஃப்ராக்ஷன்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு முறித்தல் என்று பொருள். நீரில் அமிழ்த்திய குச்சி முறிந்ததுபோல் தெரிகிறதல்லவா, அந்தக் காட்சிக்குப் பொருத்தமான சொல்தான். கண்ணாடியும் நீரும் சந்திக்கும் எல்லையில் கதிர் சட்டெனத் திசை மாறும். ஸ்டெப் இழையிலும் அப்படியோர் எல்லை உண்டு: உள்ளகம் முழுக்க ஒரே எண், அதைச் சுற்றிய உறையில் அதைவிடக் குறைந்த எண். கதிர் அந்த எல்லையில் பட்டுப் பட்டு உள்ளே திரும்பி, கோணல்மாணலாகச் செல்கிறது.

கிரேடட் இழையில் உள்ளகத்தின் அச்சில் எண் மிக அதிகம். விளிம்பை நோக்கிப் போகப்போக, ஏறத்தாழ பரவளைய வடிவில் குறைகிறது. எண் குறைந்த இடத்தில் ஒளி வேகமாகப் போகும். அச்சிலிருந்து விலகிச் செல்லும் கதிரின் அலைமுகப்பைக் கவனியுங்கள்: அதன் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட வேகமாக முன்னேறுகிறது. அதனால் முகப்பு முழுவதும் அச்சின் பக்கம் சாய்கிறது. இது ஒவ்வொரு புள்ளியிலும் நடப்பதால் கதிர் எங்கும் முறிவதில்லை, வளைந்துகொண்டே போகிறது. பெரும்பாலும் உறையைத் தொடாமலே திரும்பி, அச்சைக் கடந்து, மறுபக்கமும் அப்படியே வளைந்து, அலைபோல முன்னேறுகிறது.

இந்த வளைவைத்தான் முதலில் வந்த பெயர்கள் சொல்லின. பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர் 1965இல் ‘வில்லைபோன்ற ஊடகம்’ என்று எழுதினார். ஜப்பானில் நிஷிசாவா இத்தகைய இழைக்கு 1964இலேயே காப்புரிமை கோரியிருந்தார். 1968இல் நிப்பான் எலக்ட்ரிக், நிப்பான் ஷீட் கிளாஸ் நிறுவனங்கள் செய்த இழைக்கு ‘செல்ஃபாக்’ என்று பெயர் வந்தது. தானே குவிப்பது என்பதன் சுருக்கம். தாலியம் கலந்த கண்ணாடியை உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் வைத்தார்கள். வெளியோரத்தில் தாலியம் அதிகமாக வெளியேற, அதன் இடத்தைப் பொட்டாசியம் பிடித்தது. விளிம்பில் எண் இறங்க, நடுவில் உயர்ந்தே இருந்தது. என் கணக்கில் மிக உண்மையான பெயர் இதுதான், ஏனென்றால் அது வடிவத்தை விட்டு, கதிருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கிறது. 1973இல் குளோஜும் மார்க்கட்டிலியும் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரையின் தலைப்பில் ‘கிரேடட் கோர்’ இருந்தது. நிலைத்த பெயரில் கோர் இல்லை, இண்டெக்ஸ் இருக்கிறது. மாறுவது எண்தானே.

அந்தக் கட்டுரை தீர்த்த கேள்வி ஒளித்துடிப்பைப் பற்றியது. அச்சில் எண் 1.48, விளிம்போடு வேறுபாடு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெப் இழையில் எல்லாக் கதிருக்கும் ஒரே வேகம். அதனால் நேராகப் போகும் கதிர் முந்துகிறது, கோணலாகப் போகும் கதிருக்குத் தூரம் கூடுவதால் பிந்துகிறது. 1 கிலோமீட்டரில் இந்த இடைவெளி சுமார் 49 நானோ நொடி. 50 நானோ நொடிக்கு ஒன்றாகத் துடிப்புகளை அனுப்பினால் ஒன்றின் வால் அடுத்ததன் தலையைத் தொட்டுவிடும். கிரேடட் இழையிலும் அகல வளையும் கதிருக்குத் தூரம் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் தூரத்தை அது எண் குறைந்த, வேகமான பகுதியில் கடக்கிறது. இழந்த நேரம் மீண்டும் கிடைத்துவிடுகிறது. சரியான பரவளையத்தில் அதே 1 கிலோமீட்டருக்கு இடைவெளி சுமார் 0.25 நானோ நொடியாகச் சுருங்குகிறது. வளைவின் வடிவத்தை இன்னும் கொஞ்சம் திருத்தினால் கோட்பாட்டளவில் 0.06.

நடைமுறையில் அந்த 0.06 எளிதில் கிட்டாது. சிறந்த வடிவம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும். குழாயின் உட்சுவரில் ஜெர்மேனியம் கலந்த கண்ணாடியைப் படியவைத்து, குழாயைச் சூடாக்கி ஒடுக்கும் முறையில் நடுவிலிருந்து ஜெர்மேனியம் ஆவியாகி, அச்சில் ஒரு பள்ளம் விழுவது உண்டு. எல்.ஈ.டி. விளக்கு உள்ளகம் முழுவதையும் நிரப்பியதால் அது பெரிதாகத் தெரியவில்லை. லேசர் வந்து ஒளி நேரே நடுவில் விழுந்தபோது துடிப்பு பிளந்தது. அதற்காகவே பழைய இழைகளில் லேசரை அச்சிலிருந்து சற்றுத் தள்ளிச் செலுத்தும் இணைப்புக் கம்பியைப் பொருத்தினார்கள்.

தமிழில் ‘தரப்படுத்திய’ என்று இதை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சொல் படிப்பவருக்குத் தரம் பிரித்த பண்டத்தைத்தான் நினைவூட்டும். ‘சாய்வு எண் இழை’ என்று எழுதுங்கள்; எண் சரிவதும், படி இல்லாததும் அதில் தெரியும்.