கைப்பேசிவழி பட்டைக்குறி இருப்புக் கணக்கெடுப்பு

கடையிலுள்ள பொருள்களின் பட்டைக்குறியைக் கைப்பேசிக் கேமராவால் படித்து, அந்த எண்களை நேராக விரிதாளில் சேர்த்து இருப்பை எண்ணும் முறை இது. பட்டைக்குறியைக் கடைக்காரர்கள் பார்கோடு என்றே சொல்வார்கள்.

பட்டைக்குறி இருப்பு எண்ணுவதற்காகப் பிறந்ததன்று, பில் போடுவதற்காகப் பிறந்தது. நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் அமெரிக்காவில் 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் 1974 ஜூன் 26 அன்றுதான் ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள மார்ஷ் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொதி முதன்முதலாக இவ்வாறு பில்லுக்கு வந்தது. இந்தியாவில் இவ்வெண்களை வழங்கும் அமைப்பு 1996-இல் தொடங்கப்பட்டது. அது இன்று ஜி.எஸ்.1 இந்தியா எனப்படுகிறது. அதனிடம் எண் பெற்ற நிறுவனங்களின் பொருள்களில் 890 என்னும் தொடக்கம் இருக்கும். அது எண் பதிவான நாட்டையே காட்டும். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

லேசரிலிருந்து கேமராவுக்கு

வழக்கமான அளவில் அச்சிட்ட 13 இலக்கப் பட்டைக்குறியின் மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர்தான். அதைப் பிடிக்கக் கேமரா மிக அருகில் குவிய வேண்டும். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தானாகக் குவியும் கேமரா இருந்தது. ஐபோனுக்கு அது 2009-இல்தான் வந்தது. சீப்ரா கிராசிங் என்ற திறந்த மூல நிரல்தொகுதி ஆண்ட்ராய்டில் பரவியபின், படித்த எண்களை வரிசையாகச் சேமித்து விரிதாள் திறக்கக்கூடிய கோப்பாக அனுப்ப முடிந்தது. படித்த எண்ணை விசைப்பலகையில் தட்டியதுபோல நேரே விரிதாளின் கட்டத்தில் இடும் செயலிகளும் வந்தன.

எண் தவறாகப் படிக்கப்படுவது அரிது. காரணம், கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 8901234567890 என்ற எண்ணில் முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் 130 வரும். அது பத்தின் மடங்கு என்பதால் கடைசி இலக்கம் 0. கணக்கு ஒத்துவராவிட்டால் செயலி அந்த வாசிப்பைத் தள்ளிவிடும்.

கடையில் நடப்பது

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு மளிகைக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மார்ச் 31 இரவு இருப்பு எடுக்கிறார்கள். A நெடுவரிசையில் ஒரு பொருளுக்கு ஒரு வரியாக எண்கள் இறங்குகின்றன. D நெடுவரிசையில் பொருள் பட்டியல் உள்ளது. எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் போதும்:

```
=COUNTIF(A:A,D2)
```

ஒரு சோப்புக்குப் புத்தக இருப்பு 48, விரிதாள் காட்டுவது 24. திருட்டு என்று யாரையும் சந்தேகிக்குமுன் A நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே பட்டியலில் இல்லாத 18901234567897 என்ற 14 இலக்க எண் ஒருமுறை கிடக்கிறது. அது 24 சோப்பு அடங்கிய, பிரிக்காத அட்டைப்பெட்டியின் எண். பெட்டிக்குத் தனி எண் உண்டு. கேமரா அதை ஒரு பொருளாகவே கண்டது. வித்தியாசம் ஒரு பெட்டியின் கொள்ளளவுக்குச் சரியாக இருப்பதே அடையாளம். இருப்பு கூடுதலாக வந்தால், கையை நகர்த்தாமல் வைத்ததில் ஒரே பாக்கெட் இருமுறை பதிந்திருக்கலாம்.

விரிதாள் செய்யும் கேடு இதைவிட மோசம். எக்செல் இந்த நீள எண்ணை 8.90123E+12 எனச் சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். ஒரே நிறுவனத்தின் சோப்பும் ஷாம்பும் ஒரே எண்ணாகிவிடும், பின்னர் மீட்க வழியில்லை. இறக்குமதிப் பொருள்களின் 12 இலக்க எண் சில 0-வில் தொடங்கும். எண்ணாகக் கொண்டால் அந்த 0 உதிர்ந்துவிடும். ஆகவே படிக்கத் தொடங்குமுன்பே A, D ஆகிய இரு நெடுவரிசைகளையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றிப் பயனில்லை.

பட்டைக்குறி சொல்லாதவை

பட்டைக்குறி பொருளின் வகையை மட்டும் சொல்லும், விலையையோ காலாவதி நாளையோ சொல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, ஒரே அலமாரியில் பழைய விலையும் புதிய விலையும் கொண்ட பாக்கெட்டுகள் ஒரே எண்ணோடு நின்றன. எண்ணிக்கை சரியாக வந்தாலும் இருப்பின் மதிப்பு தவறாகும். கொள்முதல் விலை மாறிய சரக்கைப் பிரித்து வைத்து, B நெடுவரிசையில் பாக்கெட்டில் உள்ள விலையைக் கையால் இடுவதுதான் வழி. சாக்கிலிருந்து நிறுத்து விற்கும் பருப்புக்கும் அரிசிக்கும் நிறுவனப் பட்டைக்குறியே கிடையாது. அவற்றுக்கு இன்றும் தராசும் பேனாவும்தான்.