கோவிந்தா: ஓர் அழைப்பின் இலக்கணமும் உரிமையும்

சித்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் தமிழரும் அங்கே வாழும் தெலுங்கரும் ஒரே சொல்லால் இறைவனை அழைக்கின்றனர். தமிழில் எழுவாய் 'கோவிந்தன்', தெலுங்கில் 'கோவிந்துடு'. விளியில் இரண்டும் 'கோவிந்தா' என ஒன்றாகின்றன. வடமொழி விளியோ 'கோவிந்த' எனக் குறிலில் முடியும்.

இந்த நெடில் தற்செயலானதன்று. 'அன்' ஈற்றுப் பெயர் விளியில் 'ஆ' ஆகும் என்றும், அண்மையில் இருப்பவரை அழைக்கும்போது அகரமாகக் குறுகும் என்றும் தொல்காப்பிய விளிமரபு விதிக்கிறது. சேய்மையில் இருப்பவரை அழைக்கையில் ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்றும் அது கூறுகிறது. தொலைவிலிருந்து விளிக்கையில் ஈற்றுயிர் மூன்று மாத்திரை பெறும் என்பது பாணினியின் விதி. மலைப்பாதையில் கூட்டமாக எழும் முழக்கம் சேய்மை விளியாகவே நீள்கிறது. ஆங்கிலப் பெயருக்கு இத்தகைய ஈற்றுமாற்றம் இல்லை. அங்கே இசையும் இடமுமே விளியைக் காட்டுகின்றன.

முழக்கத்தின் முதற்பகுதியான 'ஏடுகொண்டலவாடா' என்பதன் இறுதியைத் தமிழ்ச்செவி 'அடா' என்று மயங்கக்கூடும். அது 'வாடு' என்பதன் விளி மட்டுமே. தமிழ் 'அடா'வுக்கு இணையாகத் தெலுங்கில் வழங்குவது 'ரா'. தமிழர் தம் மொழியில் அழைத்தால் 'ஏழுமலையானே' என்பர்.

வடிவம் இவ்வாறிருக்க, எந்தப் பெயரால் அழைப்பது என்பது வேறு கேள்வி. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. அதன் 28ஆம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர், அறியாமையாலும் அன்பாலும் சிறுபேரால் அழைத்துவிட்டதற்குச் சினம் கொள்ள வேண்டா என்று இரக்கின்றனர். 'கண்ணா' போன்ற உரிமைப்பெயரே சிறுபேர் என்று எண்ணத் தோன்றும். வைணவ உரைமரபு இதனைத் தலைகீழாக்குகிறது. கோவர்த்தனத்தைத் தாங்கிய பின் 'கோவிந்தன்' என முடிசூட்டப்பட்டவனை, முன்பாட்டுகளில் 'நாராயணன்' என்று அழைத்ததே பிழை. எளிமையைச் சுட்டும் பெயர் பெரிது. தலைமையைச் சுட்டும் பெயர் சிறிது.

அமெரிக்க ஆங்கிலத்தின் விளிமுறையை 1961இல் ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் மார்கரீட் ஃபோர்டும், 'மிஸ்டர்' முதலிய பட்டத்திலிருந்து முதற்பெயருக்கு மாறும் முன்முயற்சி பொதுவாக உயர்நிலையில் இருப்பவருக்கே உரியது என்று கண்டனர். திருப்பாவையின் சிறுமியர் அந்த இசைவுக்குக் காத்திராமல் நெருக்கத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றனர்; ஆகவே மன்னிப்பும் உடன் வருகிறது. ஆங்கில வழிபாட்டில் 'லார்ட்' என்ற பட்டம் முன்நிற்க, திருமலையில் பெயரே முன்நிற்கிறது. பட்டம் இல்லாத வெறும் பெயர் மரியாதைக் குறைவு என்ற அளவுகோல் இங்கே பொருந்தாது. ஒரு விளியின் தகுதியைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை; அழைக்கப்படுபவர் எந்த உறவில் அறியப்பட விரும்புகிறார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.