தேர்வு முடிவு நிறுத்திவைப்பும் ரத்தும்

தேர்வு முடிவு நிறுத்திவைப்பு என்பது, தேர்வெழுதிய ஒருவருக்கு எழுந்த ஐயமோ ஆவணக் குறையோ தீரும்வரை, அவருடைய மதிப்பெண்ணையோ தேர்ச்சி நிலையையோ வெளியிடாமல் தேர்வு அமைப்பு தன்னிடமே வைத்துக்கொள்வதாகும். தேர்வு முடிவு ரத்து என்பது, விசாரணையின் முடிவில் அந்தத் தேர்வை அல்லது அதில் பெற்ற மதிப்பெண்ணைச் செல்லாது என அறிவிப்பதாகும். பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகவே புழங்கினாலும், முன்னது இடைக்கால நிலை, பின்னது தீர்ப்பு. நிறுத்திவைக்கப்பட்டவர் தேர்ச்சி பெற்றவரும் அல்லர், தோல்வியடைந்தவரும் அல்லர். மதிப்பெண் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக 'நிறுத்திவைக்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்க அவரிடம் மதிப்பெண்ணே இல்லை என்பதால், அவர் நாட வேண்டியது விடைத்தாளை அன்று, நிறுத்திவைப்பின் காரணத்தையே.

காரணங்களில் பெரும்பகுதி குற்றத்தோடு தொடர்பற்றது. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைப் பள்ளி அனுப்பாமல் விட்டிருக்கலாம், பதிவெண் மாறியிருக்கலாம், கட்டணமோ வருகைப் பதிவோ நிலுவையில் இருக்கலாம், பணித் தேர்வுகளில் சாதிச் சான்றிதழோ பட்டச் சான்றிதழோ வந்துசேராமல் இருக்கலாம். இத்தகைய நிறுத்திவைப்பு, தலைமையாசிரியரோ கல்லூரி அலுவலகமோ உரிய தாளை அனுப்பியதும் நீங்கிவிடும். தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்ற ஊரில் ஒரு பிளஸ் டூ மாணவருக்கு இந்தக் குறிப்பு வந்தால், ஊரார் முதலில் நினைப்பது 'பிட்' அடித்ததைத்தான் என்றாலும், வீட்டார் முதலில் செல்ல வேண்டிய இடம் பள்ளி அலுவலகமே.

குற்றமெனக் கருதப்படுபவற்றில் பலர் அறியாத ஒன்று தமிழகப் பொதுத்தேர்வு விதிகளில் உண்டு. தேர்வெழுதியவர் தாம் எழுதிய விடைகள் அனைத்தையும் தாமே பேனாவால் கோடிட்டு அடித்துவிட்டால், அதை ஒழுங்கீனச் செயலாகக் கருதி, அவருடைய முடிவு நிறுத்திவைக்கப்படும் என்றும், அடுத்த இரு பருவங்களில் தேர்வெழுத அனுமதி இல்லை என்றும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேர்வுக் காலங்களில் எச்சரித்து வந்துள்ளது. தம் விடையைத் தாமே அழிப்பதில் யாருக்கு என்ன கேடு என்று தோன்றலாம். குறைந்த மதிப்பெண் வரும் என்று அஞ்சிய மாணவர், அந்தத் தாளில் வேண்டுமென்றே தோற்று, அடுத்த வாய்ப்பில் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் உத்தியே இங்குத் தடுக்கப்படுகிறது. பிறரைப் பார்த்து எழுதுவது போலவே இதுவும் மதிப்பெண்ணின் ஒப்பீட்டுத் தன்மையைக் குலைக்கிறது என்பது இயக்ககத்தின் கருத்தாக இருக்க வேண்டும். ஆயினும் பதினேழு வயது மாணவர் அழுகையோடு இழுக்கும் கோட்டுக்கு இது கடுமையான தண்டனை என்பதையும் மறுப்பதற்கில்லை.

முடிவை வெளியிட்ட பிறகு திருத்துவதைவிட வெளியிடுமுன் நிறுத்துவதையே தேர்வு அமைப்புகள் விரும்புவதற்கான காரணத்தைத் தேனி மாவட்டத்திலேயே நடந்த நிகழ்வு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதித் தேர்வான நீட், 2019 மே 5 அன்று நடைபெற்று, ஜூன் 5 அன்று முடிவு வெளியானது. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடந்து, மாணவர்கள் கல்லூரிகளில் சேர்ந்து, வகுப்புகளும் தொடங்கிய பின்னர், அவ்வாண்டு செப்டம்பரில் ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கில் அமைந்துள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் முதல்வருக்கு மின்னஞ்சலில் ஒரு புகார் வந்தது. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தேர்வு ஆவணங்களில் உள்ள முகம் அவருடையது அன்று என்பதே அதன் சாரம். கல்லூரி நிர்வாகம் ஒளிப்படங்களை ஒப்பிட்டபோது வேறுபாடு தென்பட்டது. தேர்வு மும்பையில் உள்ள மையம் ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. வழக்கு காவல்துறைக்குச் சென்று, பின்னர் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையின் கைக்கு மாறியது. விசாரணை விரிந்தபோது தமிழகத்தின் வேறு சில மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளாயினர்.

ஆள்மாறாட்டம், அதாவது பதிவு செய்தவருக்குப் பதிலாக வேறொருவர் தேர்வெழுதுவது, விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய குற்றமன்று, ஏனெனில் விடைகள் அனைத்தும் நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கும். தவறு விடையில் இல்லை, எழுதியவரிடமே உள்ளது. விண்ணப்பத்தில் ஒட்டப்படும் படம், நுழைவுச் சீட்டுப் படம், தேர்வறையில் இடப்படும் பெருவிரல் ரேகையும் கையெழுத்தும், சேர்க்கையின்போது நேரில் நிற்கும் ஆள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே இதற்குரிய ஒரே வழி. தேர்வறைக் கண்காணிப்பாளர் நுழைவுச் சீட்டில் உள்ள முகத்தையும் எதிரே அமர்ந்திருக்கும் முகத்தையும் மட்டுமே ஒப்பிடுவதால், விண்ணப்பத்திலேயே எழுதப்போகிறவரின் படம் இடம்பெற்றிருந்தால் அவருக்கு ஐயம் எழ வாய்ப்பில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியான சேர்க்கை நாளில்தான் முரண் வெளிப்பட முடியும், அன்றும் யாரும் உற்றுப் பார்க்காவிட்டால் அது வகுப்பறைவரை சென்றுவிடும். தேனியில் நிகழ்ந்தது அதுவே. முடிவு வெளியாகிவிட்டதால், நிறுத்திவைப்பு என்ற எளிய வழி அப்போது கைநழுவியிருந்தது. கைது, பிணை, நீதிமன்றம் என்று வழக்கு நீண்டது. அந்த இடத்தை நேர்மையாகப் பெற்றிருக்க வேண்டிய இன்னொருவர் யார் என்ற கேள்விக்கு, கலந்தாய்வு முடிந்த பிறகு பயனுள்ள விடை கிடைப்பதும் அரிது.

அதே 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் நான்கு தேர்வு, ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்வது எவ்வாறு என்பதற்கான சான்றாகும். அத்தேர்வின் முடிவு வெளியானபோது, தரவரிசையின் முதல் நூறு இடங்களில் கணிசமானவை ராமநாதபுரம் மாவட்டத்தின் ராமேசுவரம், கீழக்கரை ஆகிய இரு மையங்களில் எழுதியவர்களுக்கே கிடைத்திருப்பதைப் பிற தேர்வர்கள் கவனித்தனர். அவர்களில் பலர் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்களே அல்லர். தொலைவிலிருந்து வந்து ஒரே மையத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒருசேர உச்சியில் நிற்பது, தனி ஒருவரின் உயர்ந்த மதிப்பெண்ணைப் போல் திறமையின் கணக்கில் வைக்கக்கூடியதன்று.

விசாரணையில் வெளிவந்த முறை வியப்பூட்டுவது. தேர்வில் விடைகளைக் குறிப்பதற்கான ஓ.எம்.ஆர் தாள், வட்டங்களைக் கருமையாக நிரப்பி இயந்திரத்தால் படிக்கப்படுவது. இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்த தேர்வர்கள், சில மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் மையைக் கொண்ட பேனாவால் வட்டங்களை நிரப்பினர். தாள்கட்டுகள் சென்னைக்குச் செல்லும் வழியில், மை மறைந்து வெறுமையாகியிருந்த வட்டங்களில் சரியான விடைகள் நிரப்பப்பட்டு, தாள்கள் மீண்டும் கட்டில் வைக்கப்பட்டன. கண்காணிப்பாளரின் பார்வையில் தேர்வு முறையாக நடந்தது, திருத்திய இயந்திரத்தின் பார்வையில் தாள் முறையாக இருந்தது. ஓட்டை இரண்டுக்கும் இடையிலுள்ள சாலையில் இருந்தது.

2020 ஜனவரியில் ஆணையம் 99 தேர்வர்களைத் தகுதிநீக்கம் செய்து, அவர்கள் இனி ஆணையத்தின் எந்தத் தேர்வையும் எழுத வாழ்நாள் தடை விதித்தது. அவர்களில் தேர்வுப் பட்டியலில் இடம்பிடித்திருந்த 39 பேருக்குப் பதிலாகத் தகுதியுள்ள வேறு 39 பேரைத் தேர்ந்தெடுக்கவும், பிற மையங்களில் முறைகேடு இல்லை என்பதால் தேர்வு முழுவதையும் ரத்து செய்யாமல் விடவும் முடிவு செய்தது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வைத் திரும்ப நடத்தாமல் களையை மட்டும் பிடுங்கிய இம்முடிவுக்கு அடிப்படை, களங்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்ட முடிந்ததே.

அவ்வாறு பிரிக்க முடியாதபோது முழுத் தேர்வும் விழும். ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பரில் நடத்திய அரசு பலதொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் தேர்வில், ஏறத்தாழ இருநூறு பேரின் மதிப்பெண்கள் கணினிப் பதிவில் மாற்றப்பட்டது தெரிந்ததும், 2018 பிப்ரவரியில் தேர்வு முழுமையாக ரத்து செய்யப்பட்டது. மூல விடைத்தாளோடு ஒப்பிட்டுக் குற்றவாளிகளை மட்டும் நீக்கியிருக்கலாமே என்ற வாதம் அப்போதும் எழுந்தது. நேர்மையாக எழுதியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை.

சட்டத்தின் நோக்கில் நிறுத்திவைப்பு எளிது, ரத்து கடினம். உத்தரப் பிரதேசத்தில் 1954ஆம் ஆண்டு இடைநிலைத் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறியதாக அறிவிக்கப்பட்ட மூன்று மாணவர்களின் முடிவை, அவர்கள் தரப்பைக் கேட்காமலேயே அவ்வாண்டு டிசம்பரில் தேர்வு வாரியம் ரத்து செய்து, அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் தடை விதித்தது. இவ்வழக்கில் 1962ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், ஒருவரைக் குற்றம் சுமத்தித் தண்டிக்குமுன் விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதுவே இயற்கை நீதிக் கோட்பாடு எனப்படுவது. பிடிபட்ட மாணவரிடம் தேர்வறையிலேயே எழுத்து வாக்குமூலம் வாங்குவதும், பின்னர் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்புவதும் இக்கோட்பாட்டின் வழிவந்த நடைமுறைகளே. முடிவு வெளியாகும் நாளில் இந்த விசாரணை முடிந்திருக்காது என்பதால்தான், இடைப்பட்ட காலத்துக்கு நிறுத்திவைப்பு தேவைப்படுகிறது. ஆனால் 1970ஆம் ஆண்டு பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், ஒரு மையம் முழுவதுமே ஐயத்துக்கு உள்ளாகி, யார்மீதும் தனியாகக் குற்றம் சாட்டாமல் அம்மையத்தின் தேர்வை மட்டும் ரத்து செய்து மறுதேர்வுக்கு வழிவிட்டால், ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் கூறியது. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கும், ஒரு தேர்வை நம்ப முடியாது என்று சொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடே இவ்விரு தீர்ப்புகளையும் பிரிக்கிறது.

மதிப்பெண் ரத்தானவர் தவறு செய்தவராகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. 2024 நீட் தேர்வில் நேர இழப்புக்காக 1,563 பேருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அம்மதிப்பெண் நீக்கப்பட்டு, கூடுதல் இல்லாத பழைய மதிப்பெண்ணோ ஜூன் 23 மறுதேர்வோ, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்களில் 813 பேரே மறுதேர்வு எழுத வந்தனர். எஞ்சியவர்கள் குறைந்துபோன தம் பழைய மதிப்பெண்ணோடு நின்றுகொண்டனர்.