விடுதலைப் பத்திரம்: சகோதரியின் பாகம்

விடுதலைப் பத்திரம் என்பது, பலருக்குப் பொதுவில் பாத்தியமான சொத்தில் ஒருவர் தமது பாகத்தைச் சக பாத்தியதைக்காரருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணம். தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில், விவாகமாகிச் சென்ற பெண் தகப்பனாரின் நிலத்தில் தனக்குள்ள பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதே இதன் மிகப் பழக்கமான வடிவமாயிருக்கிறது.

மிதாக்ஷர தர்மத்தில் பிதுரார்ஜித நிலம் ஆண் மக்களுக்கே பிறப்பால் உரியதாயிருந்தமையால், பெண்ணுக்கு விட்டுக்கொடுக்க அதில் எதுவும் இருக்கவில்லை. சீரும் நகையுமே அவள் பங்கென்று குடும்பங்கள் கருதின. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்குச் சமமான பாகத்தை மகளுக்கும் தந்தபோதுதான் அவளுடைய கையெழுத்துக்கு மதிப்பு பிறந்தது. பின்னர் தமிழ்நாட்டுத் திருத்தம், 25-3-1989க்கு முன் விவாகமாகாத பெண்களைப் பிதுரார்ஜிதச் சொத்திலும் பிறப்பாலேயே பங்காளிகளாக்கியது; 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் விவாகத் தேதி என்ற அந்த வரம்பையும் நீக்கியது. அத்திருத்தம் அமலான 9-9-2005 அன்று தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் 20-12-2004க்கு முன் நடந்தேறிய பாகப்பிரிவினைகளையும் பராதீனங்களையும் சட்டம் கலைக்கவில்லையாதலால், அதற்கு முன் முறையாகப் பதிவான விடுதலைகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பற்றிய இப்பத்திரம், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் முன் பதிவாக வேண்டும். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. அதனாலேயே, பணம் கைமாறும்போதும் குடும்பங்கள் கிரயத்தை விட்டு இதனையே நாடுகின்றன.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் சுயார்ஜித நஞ்சையை விட்டுத் தகப்பனார் உயிலின்றி இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என வாரிசுகள் நால்வர். ஆளுக்கு 75 சென்ட். மகள் தன் பாகத்தைச் சகோதரர் இருவருக்கும் விடுதலை செய்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் முப்பத்தேழரை சென்ட் கூடுகிறது; மூத்தவர் பெயருக்கு மட்டும் எழுதினால் அவர் ஒருவருக்கே ஒன்றரை ஏக்கர் சேர்ந்து, இளையவரின் மனத்தாங்கலுக்கு அவள் பொறுப்பாகிறாள். தாயாரின் 75 சென்ட் இதில் சேராது; தாயார் உயிலின்றிக் காலமானால் அதில் 25 சென்ட் மகளுக்கு வரவேண்டும்.

இப்பத்திரத்தின் பெரிய அபாயம் இந்த 25 சென்டில்தான் அடங்கியிருக்கிறது. சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் விஸ்தீரணமும் எல்லைகளும் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், வாசகத்தின் நடுவே “தாய் தகப்பனார் வகையில் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும்” என்ற ஒரு தொடர் நுழைந்துவிட்டால், தாயாரின் பாகமும் போய்விட்டதென்று பிற்காலத்தில் வாதிக்க இடமேற்படுகிறது. தாயார் உயிரோடிருக்கும்போது மகளுக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. அதனைக் கைமாற்ற முடியாதென்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் அந்த எதிர்பார்ப்பை விடுவதற்காகப் பிரதிபலன் பெற்றுக்கொண்டவர் பின்னர் மாறிப் பேச இயலாதபடி நீதிமன்றங்கள் தடுத்ததுண்டு. ஆகையால் பத்திரத்தின் வாசகம் எந்த நிலத்துக்கு, யார் வழி வந்த பாகத்துக்கு என்பதோடு நின்றுவிட வேண்டும். இதற்காக, கையெழுத்துக்கு முந்தைய நாளே நகலை வீட்டுக்கு வாங்கிவந்து, சகோதரர்களைச் சாராத ஒருவரைக் கொண்டு படித்துப் பார்ப்பது நலம். பதிவலுவலக வராந்தாவில் ஆவண எழுத்தர் விரைந்து படிக்கும்போது கேட்டுக்கொள்வது போதவே போதாது.

அடுத்தது பணம். “ரொக்கமாக முன்னமே பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிவிட்டு, அறுவடையானதும் தருவதாக வாய்வார்த்தை சொல்வது வழக்கம். பணம் வராமற்போனால், அதனை வசூலிக்க அவள் வழக்கிடலாமேயன்றி, அக்காரணத்தால் மட்டும் பத்திரம் செல்லாததாகிவிடாது. அவ்வழக்கிலும் அவளுடைய கையெழுத்தே அவளுக்கு எதிரான முதற்சாட்சி. வரைவோலை எண்ணையோ வங்கிக் கணக்கில் வரவான விவரத்தையோ பத்திரத்திலேயே குறிக்கச் செய்வதே இதற்குப் பரிகாரம்.

மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ கையெழுத்திட்டவள், அப்பத்திரத்தைத் தான் மட்டும் சார்பதிவாளரிடம் சென்று ரத்து செய்துவிட முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில், மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தானே எழுதிக்கொடுத்த பத்திரமாதலால் அதன் மதிப்புக்கேற்ற நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். இதற்குள் நிலம் உண்மையறியாத மூன்றாமவருக்குக் கிரயமாகியிருந்தால் வழக்கு இன்னும் கடினமாகும். எனவே ஐயம் தோன்றியவுடன் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்து, அதில் பதிவாகியுள்ள பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுப்பதே அவள் செய்யவேண்டிய முதற்காரியம்.